வெயிலில் உழைப்பவருக்கு மலம் ஏன் இறுகுகிறது?

தைப்பூசம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் மருந்துக் கடைக்கு ஒரே மாதிரியான ஆட்கள் வருவார்கள். பட்டர்வொர்த் பக்கம் சாலை போடுகிறவர், கட்டுமானத்தில் கம்பி கட்டுகிறவர், லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர், நெடுஞ்சாலை ஓரம் புல் வெட்டுகிறவர். பக்கத்தில் நிற்கும் பெண்கள் நகரும்வரை இருமல் மருந்து அடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வயிறு கழுவ ஏதாவது மருந்து இருக்கா மா?" என்பார்கள்.

மருந்து இருக்கிறது. ஆனால் இவர்களில் பலருக்கு அடிப்படைக் கோளாறு குடலில் இல்லை. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதைவிட, எந்த நேரத்தில் குடிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அது புரிய, சாப்பிட்டது வெளியே வருவதற்குள் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெருங்குடல் என்ன செய்கிறது

ஒரு நாளில் நாம் குடிப்பதும் உணவில் இருப்பதுமாகச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. அதோடு எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடலே இன்னும் 7 லிட்டர் போலச் சுரந்து விடுகிறது. ஆக 9 லிட்டர். இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர் கூழாகப் பெருங்குடலுக்கு வரும். பெருங்குடல் அதிலிருந்தும் எடுத்து, கடைசியில் 100 முதல் 200 மில்லி தண்ணீரை மட்டும் மலத்தோடு வெளியே விடுகிறது. நல்ல மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்த முக்கால் பங்கு சற்றுக் குறைந்தாலே மலம் கட்டியாகிவிடும்.

வேர்வையாக நிறையத் தண்ணீர் போனதும் உடல் சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் சிறுநீரகம் சிறுநீரைக் குறைக்கும். அதனால்தான் அது மஞ்சளாக, கொஞ்சமாக, கடுப்போடு வருகிறது. கூடவே அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். இது சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, பெருங்குடலுக்கும் கட்டளை போடும்: உப்பை விடாதே, இழு. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். சந்தையில் தேங்காய்ப்பால் பிழிகிறவர் ஒரே துருவலை மறுபடி மறுபடி பிழிந்தால் கடைசியில் உலர்ந்த சக்கைதான் மிஞ்சும். பெருங்குடலில் நடப்பதும் அதுவே. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் காய்ந்து போகும்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன மலம், நாம் பிறகு குடிக்கும் தண்ணீரில் திரும்ப ஊறாது. குடித்த தண்ணீரைச் சிறுகுடல் உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடும். தேவைக்கு மேல் இருப்பது சிறுநீராகப் போகும். பெருங்குடலில் கிடக்கும் கட்டியின் மேல் அது ஊற்றப்படுவதில்லை. ஆகவே மலம் இறுகாமல் இருக்க வேண்டுமானால், உடல் தண்ணீருக்குத் திண்டாடும் நிலையே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் "தண்ணி நெறைய குடிங்க, மலச்சிக்கல் போயிடும்" என்ற பேச்சு எல்லாருக்கும் பலிப்பதில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் போதுமான அளவு குடித்துக்கொண்டுதான் இருப்பார். அவர் இன்னும் ஒரு லிட்டர் குடித்தால் கழிவறைக்கு நடப்பது கூடும், மலம் இளகாது. உண்மையாகவே தண்ணீர்ப் பற்றாக்குறையில் இருப்பவருக்குத்தான் தண்ணீர் மருந்தாகும். வெயிலில் நிற்கும் தொழிலாளி அந்த ரகம்.

பினாங்கு வெயிலின் தந்திரம்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தரும் வெப்ப எச்சரிக்கையின் முதல் நிலை, நாளின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரிக்குள் இருந்தால் வரும். 33 டிகிரி என்றால் எச்சரிக்கை இல்லை, அதனால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவு காற்றின் சூட்டை மட்டும் பார்க்கிறது. நம் ஊரில் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை தோலில் ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. உடல் குளிராததால் மேலும் மேலும் வேர்க்கிறது. தண்ணீர் போகிறது, ஆனால் அதற்கு ஏற்ற குளிர்ச்சி கிடைப்பதில்லை. முழுக்கைச் சட்டை, பூட்ஸ், முகமூடி, கவச உடை என்று போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

கடினமான வேலையில் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வேர்ப்பது சாதாரணம். சிலருக்கு அதற்கு மேலும் போகும். தாகமோ எப்போதும் தாமதமாகத்தான் வரும். வாய் வறளும்போது உடலில் ஏற்கெனவே கணிசமான அளவு குறைந்திருக்கும். நாலு வாய் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தாகம் அடங்கிவிடும், பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

ஒருவரின் ஒரு நாள்

செபராங் பிறையில் நெடுஞ்சாலை ஓரம் புல் வெட்டும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், 70 கிலோ. சட்டையின் முதுகில் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்டிருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறதாம், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. முக்கி முக்கி ஆசனவாயில் எரிச்சல். நண்பர் சொன்னார் என்று இசப்கோல் தூள் வாங்கி இரண்டு வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். வயிறு உப்பியதுதான் மிச்சம். தண்ணீர் போதாமல் நார்த்தூள் மட்டும் உள்ளே போனால் அப்படித்தான் ஆகும். அது தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். உறிஞ்ச ஒன்றும் இல்லாவிட்டால் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டு நிற்கும்.

"தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? நாலு லிட்டர் குடிக்கிறேன் லா."

அவர் சொன்னது உண்மைதான். கூட்டிப் பார்த்தால் நாலு லிட்டர் வருகிறது. அதனால் மணி வாரியாகக் கேட்டு எழுதினேன். காலை கிளம்பும்போது ஒரு கிளாஸ் கோப்பி, 250 மில்லி. வேலைக்கு ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்று. அதில் அரை லிட்டர் முகம் கழுவவும் கழுத்தில் ஊற்றவும் போய்விடும், குடிப்பது ஒரு லிட்டர். மதியம் நாசி கண்டாரோடு ஒரு தே ஓ ஐஸ், 300 மில்லி. காலையும் மதியமும் சாப்பிட்டதில் இருக்கும் தண்ணீர் அரை லிட்டர் என்று வையுங்கள். வேலை முடியும் மாலை நாலு மணி வரை மொத்தம் 2 லிட்டருக்குச் சற்று மேல்.

போனது எவ்வளவு? இடைவேளைகளைக் கழித்தால் ஆறு மணி நேரம் உண்மையான வேலை. மணிக்கு 600 மில்லி வேர்வை என்று குறைத்தே வைத்தாலும் 3.6 லிட்டர். மூச்சிலும் சிறுநீரிலும் இன்னும் ஒரு 600 மில்லி. ஆக 4.2 லிட்டர். நாலு மணிக்கு அவர் 2 லிட்டருக்கு மேல் கடனில் நிற்கிறார். அது அவர் எடையில் 3 விழுக்காடு. 2 விழுக்காடு குறைந்தாலே வேலைத் திறன் தளரத் தொடங்கும் என்பது வழக்கமான கணக்கு.

வீட்டுக்குப் போய் அவர் அந்தக் கடனை அடைத்துவிடுகிறார். குளித்துவிட்டு இரண்டு பெரிய கிளாஸ், சாப்பாட்டோடு இரண்டு, படுக்கும் முன் ஒன்று. ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறார். ஆனால் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை பெருங்குடல் வறட்சிக் காலச் சட்டத்தில் இயங்கி, கையில் இருந்ததை எல்லாம் பிழிந்து முடித்துவிட்டது. ராத்திரித் தண்ணீர் அதற்கு உதவாது. நாலு லிட்டர் குடித்தும் புழுக்கை வரும் மர்மம் இதுதான்.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. காலை வேலைக்குப் போகும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். மாலை வந்ததும் வேர்வையைத் துடைத்துவிட்டு, குளிக்கும் முன், குடிக்கும் முன், அதே மாதிரி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். அவர் வீட்டுத் தராசில் காலை 70.4, மாலை 68.5 காட்டியது. கிட்டத்தட்ட நம் கணக்குதான்.

தராசு இல்லாதவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் போகும் சிறுநீரைக் கவனித்தால் போதும். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. கடுந்தேநீர் நிறம், அல்லது காலையிலிருந்து ஒருமுறைகூடப் போகவே இல்லை என்றால் கடன் ஏறிவிட்டது. காலை எழுந்ததும் போவது யாருக்கும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வைட்டமின் பி மாத்திரையோ ஊக்க பானமோ குடித்தவருக்குப் பளிச்சென்ற மஞ்சள் வரும், அதுவும் கணக்கில் சேராது.

"ஒன்னுக்கு வந்தா எங்க போறது?"

பகலில் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் எல்லாரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். அந்த அண்ணனும் சொன்னார். சாலை ஓரத்தில் கழிவறை இல்லை. பக்கத்து எண்ணெய் நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. லோரி அவர்களை இறக்கிவிட்டுப் போய்விடும். குடித்தால் ஒன்றுக்கு வரும், அதனால் குடிக்காமல் இருப்பதே நிம்மதி.

இந்தப் பயம் பாதிதான் சரி. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் உடல் அதில் ஒரு பங்கைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், உடனே அவசரம் வரும். அதே ஒரு லிட்டரை இரண்டு மணி நேரத்துக்குப் பிரித்துக் குடித்தால், வேலை செய்துகொண்டிருக்கும்வரை அதில் பெரும்பகுதி வேர்வையாகத்தான் போகும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்தால் போதும் என்ற அளவில் நிற்கும். அது மதிய இடைவேளையோடு பொருந்தும்.

அதனால் அளவு இப்படி: வேலை நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு சின்ன கிளாஸ், 200 மில்லி. இது மணிக்கு 600 மில்லி. மேட்டு நிலம், கனமான கவசம், உச்சி வெயில் என்றால் கிளாஸை 250 ஆக்கலாம். காகிதத்தில் எழுத இது நன்றாகத்தான் இருக்கிறது, தோளில் இயந்திரத்தோடு நிற்பவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்க்க மாட்டார். அந்த அண்ணனோடு பேசியதில் அவரே ஒரு வழி சொன்னார். புல் வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் கலன் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுமாம். எப்படியும் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். அப்போது இரண்டு கிளாஸ், நடுவில் கத்தி நூல் மாற்றும்போதோ அடுத்த கம்பத்துக்கு நகரும்போதோ ஒன்று. கம்பி கட்டுகிறவருக்கு ஒரு கட்டு முடிவதும், லோரி ஆளுக்கு ஒரு லோரி காலியாவதும் அப்படி ஒரு கணக்காகலாம்.

காலையில் எழுந்ததும் இரண்டு கிளாஸ் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் கோப்பி. கோப்பியும் தேத்தண்ணீரும் உடலை வற்றடித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தினமும் குடித்துப் பழகியவருக்கு அவையும் தண்ணீர்க் கணக்கில் சேரும். சீனிதான் தொல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தே தாரே என்றால் தாகத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பீர், சாராயம் என்று போவது மட்டும் நேர் எதிர் வேலை செய்யும். அது சிறுநீரைக் கூட்டும், கடனை அடைக்க வேண்டிய மாலை நேரத்தில் கடனை ஏற்றும்.

இந்தக் கணக்குப்படி ஒருவர் மூன்றரை லிட்டர் தூக்கிப் போக வேண்டியிருக்கும். இரண்டு ஒன்றரை லிட்டர் போத்தலும் ஒரு சின்னதும். ஒரு போத்தலைப் பாதி நிரப்பி, படுக்க வைத்து உறைய விட்டு, காலையில் மீதியை ஊற்றினால் மதியம் வரை குளிர்ச்சி நிற்கும். குளிர்ந்திருந்தால் ஆட்கள் கூடுதலாகக் குடிப்பார்கள், அவ்வளவுதான் அதன் இரகசியம். முகம் கழுவ வேறு போத்தல் வையுங்கள். குடிக்கும் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் கணக்கு குழம்பும்.

மேல் எல்லையும் உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடிக்கக் கூடாது. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும், அது ஆபத்து. வேர்வையோடு உப்பும் போகிறது. மூன்று வேளை சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டு உப்பே பெரும்பாலும் ஈடு கட்டும். ரசம், உப்பிட்ட மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் இதற்கென்றே ஆனவை. நாள் முழுக்க வெயிலில் நின்று பசியே இல்லாத நாளில், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சீனிக் கரைசல் பொட்டலம் ஒன்றை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. குடிக்க நல்லது, ஆனால் வேர்வையில் போன உப்பை அது மட்டுமே ஈடு செய்யாது. இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கரைசலை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் அல்லது இதயம் பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவருக்கு இந்தக் கட்டுரையின் எந்த அளவும் பொருந்தாது.

நோன்பு மாதத்தில் வெளி வேலை செய்யும் நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு இருபது நிமிடக் கணக்கு நடக்காது. நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை மணிக்கு ஒரு கிளாஸாகப் பிரித்துக் குடிப்பதும், முடிந்தால் கனமான வேலையை முன்காலைக்கு மாற்றிக் கேட்பதும்தான் வழி. மயக்கம் வந்தால் நோன்பை முறிக்க மார்க்கம் இடம் தருகிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

அடைத்திருப்பதை முதலில் இளக்க வேண்டும்

இன்று முதல் ஒழுங்காகக் குடித்தாலும் ஏற்கெனவே உள்ளே கட்டியாகிக் கிடப்பது தானாகக் கரையாது. அதற்குக் கொஞ்சம் மருந்து தேவைப்படலாம். எதை எடுப்பது என்பதில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். நிலாவரைப் பொடி, விளக்கெண்ணெய், பேதி மாத்திரை என்று ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிவிடும் வழியைத்தான் தேடுவார்கள். மறுநாள் ஞாயிறு என்றால்கூடப் போகட்டும். வேலை நாளுக்கு முந்தின ராத்திரி பேதிக்குக் குடித்துவிட்டு, காலையில் நாலு முறை போய், ஏற்கெனவே வற்றிய உடம்போடு வெயிலில் நிற்பது வெப்ப மயக்கத்துக்கு விடும் அழைப்பு. அதோடு குடல் சுத்தமாகக் காலியானால் அடுத்த இரண்டு மூன்று நாள் வெளிக்கு வராது. அது இயல்பு. ஆனால் பயந்துபோய் மறுபடி பேதி மருந்து எடுப்பார்கள், அப்படியே வழக்கமாகிவிடும்.

லாக்டுலோஸ் என்ற இனிப்பான திரவ மருந்து இதற்கு மென்மையானது. அது குடலுக்குள் உறிஞ்சப்படாமல் தங்கி, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கும். உடனே வேலை செய்யாது, ஒன்று இரண்டு நாள் எடுக்கும். பெரியவர்கள் பொதுவாக 15 மில்லியில் தொடங்குவார்கள், கூட்டுவதைக் குறைப்பதை மருந்தாளரைக் கேட்டுச் செய்யலாம். முதல் இரண்டு நாள் வயிறு கொஞ்சம் ஊதும், காற்றுப் பிரியும். அது பிடிக்கும் தண்ணீரும் உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது, ஆக குடிப்பதில் குறை வைக்கக் கூடாது. ஆசனவாய் அருகிலேயே கட்டி நின்று முக்கினாலும் வரவில்லை என்றால், கிளிசரின் குச்சி ஒன்றை உள்ளே வைத்தால் அரை மணி நேரத்துக்குள் வழிவிடும். அந்த அண்ணனுக்கு லாக்டுலோஸ் கொடுத்து, இசப்கோலை நிறுத்தச் சொன்னேன். இசப்கோல் கெட்ட மருந்து இல்லை. கட்டி போன பிறகு, முழு கிளாஸ் தண்ணீரோடு, அதற்கு மேல் இன்னொரு கிளாஸும் குடிப்பவருக்கு அது நல்லது.

வேறு மருந்துகளும் மலத்தை இறுக்கும். இரும்புச்சத்து மாத்திரை, சில நெஞ்செரிச்சல் மருந்துகள், டிரமடோல் போன்ற வலி மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள். முதுகு வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையைத் தினம் விழுங்கிக்கொண்டு மலச்சிக்கலுக்கு மருந்து தேடுகிறவர்கள் உண்டு. கடையில் கேட்கும்போது எடுக்கும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

தட்டில் என்ன மாற்றலாம்

ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறார்கள். பசியாற இரண்டு ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறும் கோழியும், ராத்திரி மீ கோரெங் என்றால் அதில் பாதியும் தேறாது. ஆனால் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் இருப்பதைத்தான் சாப்பிட முடியும். நாசி கண்டார் கடையிலேயே வெண்டைக்காய், முட்டைக்கோஸ், பருப்பு வைத்திருப்பார்கள். கோழி ஒரு துண்டைக் குறைத்து அந்த இடத்தில் இரண்டு கரண்டி காய் வைக்கச் சொன்னால் விலையும் இறங்கும். பசியாற ரொட்டிக்குப் பதில் வாரத்தில் சில நாள் அவித்த கொண்டைக்கடலை, அல்லது தோசையும் சாம்பாரும். பத்து மணிக்கு வெட்டிய பப்பாளி ஒரு பை, அல்லது கொய்யா. கொய்யாவில் நார் நல்ல அளவு இருக்கிறது, கடித்துத் தின்ன நேரம் ஆவதால் பசியும் அடங்கும். விதை மலத்தைக் கட்டும் என்று சொல்லி ஒதுக்குகிறார்கள், அளவோடு தின்று தண்ணீரும் குடிப்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம். நாரைக் கூட்டுவதை வாரக் கணக்கில் மெதுவாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் காற்றுத் தொல்லை வேலை செய்யும் இடத்தில் மானத்தை வாங்கிவிடும்.

சாப்பிட்டதும் பெருங்குடல் ஒருமுறை அசையும். காலையில் அந்த அசைவு நன்றாக இருக்கும். ஆறரைக்கு லோரி வந்து ஹார்ன் அடிக்கும் வீட்டில் அது வீணாகிப்போகிறது. இருபது நிமிடம் முன்னால் எழுந்து, தண்ணீர், சூடான கோப்பி, இரண்டு பிஸ்கட், அப்புறம் கழிவறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். கையில் தொலைபேசி வேண்டாம், முக்கவும் வேண்டாம். வரவில்லையென்றால் எழுந்துவிடலாம். குந்தி உட்காரும் கழிவறை இதற்கு நல்லது. நாற்காலி மாதிரிக் கழிவறையில் காலடியில் சின்ன முக்காலி வைத்து முட்டியை இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டால் அதே கோணம் கிடைக்கும். வேலையில் வந்த உந்துதலை அடக்குவதும் மலத்தைக் காய வைக்கும். அடக்கினால் உந்துதல் அடங்கிப் போகும், மலமோ பிழியப்பட்டுக்கொண்டே கிடக்கும்.

இதில் முதலாளிக்கும் பங்கு உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலை செய்கிறவர்களின் நலனுக்கான வசதிகளைச் செய்து தருவதை முதலாளியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சட்டத்தைக் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் விரித்துவிட்டது. தண்ணீர் ஜாடி வைக்கவும், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கழிவறைக்காக லோரியில் எண்ணெய் நிலையம் வரை கூட்டிப்போகவும் கேட்பது சலுகை கேட்பது இல்லை. மண்டோர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

எத்தனை நாளில் தெரியும்

உண்டது வெளியே வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். ஆகவே இன்று தண்ணீர்ப் பழக்கத்தை மாற்றியவர் நாளை காலை முடிவைத் தேடக் கூடாது. முதலில் மாறுவது மதியச் சிறுநீரின் நிறம், அது மறுநாளே தெரியும். மாலைத் தலைவலியும் கால் தசைப் பிடிப்பும் குறையும். மலம் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவாகி 1997-இல் வெளியான ஒரு பட்டியல் மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது, உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். தனித்தனி உருண்டை முதல் வகை, உருண்டைகள் ஒட்டிய கட்டி இரண்டாவது. மேலே வெடிப்பு உள்ள நீள மலம் மூன்று, வழவழப்பானது நாலு. அந்த மூன்றும் நாலும்தான் நம் இலக்கு. தினமும் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரத்தில் மூன்று முறை முக்காமல், வலியில்லாமல் போனாலும் அது சரியான நிலைதான்.

அந்த அண்ணன் வார இறுதியில் மறுபடி வந்தார், இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. முதல் வகையிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தார். லாக்டுலோஸைக் குறைத்து நிறுத்தச் சொன்னேன். எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. முக்கியதில் ஆசனவாயில் சின்ன வெடிப்பு விழுந்திருக்கலாம். மலம் இளகி இருந்தால் அது பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிவிடும், தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலி குறையும். ஆறாவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

வெயிலையும் தண்ணீரையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாத நிலைகளும் இருக்கின்றன. இரண்டு வாரம் ஒழுங்காகக் குடித்தும் மாற்றம் இல்லை, எடை காரணமில்லாமல் இறங்குகிறது, மலம் பென்சில் போல மெலிந்தே வருகிறது, மலத்தோடு கலந்த இரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போக வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவு. அதே மாதிரி வெயிலில் ஒருவர் உளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

காகிதத்தில் துடைக்கும்போது தெரியும் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் பெரும்பாலும் மூலமோ வெடிப்போதான். ஆனால் அதை நாமே முடிவு செய்துகொள்வது நல்லதில்லை. மலேசியாவில் பெருங்குடல் புற்றுநோய் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இரண்டாவது, பலர் மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுத்தான் வருகிறார்கள். இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் நேரே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அரசாங்க சுகாதார கிளினிக்கில் உண்டு. மாதிரி எடுக்கும் குச்சியையும் குப்பியையும் அவர்களே தருவார்கள், எடுப்பதை வீட்டிலேயே செய்யலாம்.